மூன்று வரியில் பாட்டி

அக்கா மகள் டொரண்டோவிலிருந்து ஒரு சிறுகதை எழுதி அனுப்பியிருந்தாள். புனேயில் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். அன்று முழுக்க ஆணி பிடுங்க மனசே வரவில்லை.

கதை இதுதான். மன்னார்குடியில் தனியாக இருக்கும் பாட்டி, பேத்திக்கு தினமும் வாட்ஸப்பில் ஏழெட்டு நிமிஷம் பேசி அனுப்புகிறார். மாமா, சித்தி யாருக்கும் கேட்க நேரமில்லை. பேத்திதான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு, மூன்று வரியாக்கி குடும்ப குரூப்பில் போடுகிறாள்.

ஒரு நாள் போட்டது: "பாட்டி நலம். முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. கரண்ட் பில் கட்டியாச்சு." கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

பாட்டி பேசியதோ இப்படி: "மரம் விழுந்தப்போ முழிச்சுதான்டி இருந்தேன். இப்பல்லாம் ரெண்டு தலகாணி வச்சு சாஞ்சாதான் தூக்கம் வருது. காலைல போய்ப் பாக்கலாம்னா செருப்பு வார் இறுக்குது, புதுசு வாங்கணும். அது கெடக்கு, நீ சாப்பிட்டியா?"

தலையணை மட்டும் கூடினால் நெஞ்செரிச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதும், பாதம் வீங்கிச் செருப்பு இறுகுவதும் சேர்ந்து வந்தால், இதயம் சரியாக இறைக்கவில்லையோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். பேத்திக்கு இது எப்படித் தெரியும்? மரம் விழுந்தது செய்தி, தலையணை வெறும் பேச்சு. போதாததற்கு, வேகமாக ஓடவிட்டால் இடைவெளிகளும் சுருங்கிவிடும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை பாட்டி மூச்சு வாங்க நின்றது காதிலேயே விழவில்லை. பன்னிரண்டாம் நாள் பாட்டி ஆஸ்பத்திரியில்.

பேத்தி தன்னையே நொந்துகொள்வதோடு கதை முடிகிறது. இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. கதையில் வரும் மாமா நான்தான், பாட்டி என் அம்மா. (பயப்படாதீர்கள், வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரையும் உப்புக் குறைத்த சாப்பாடுமாக இருக்கிறார், உப்பைப் பற்றித்தான் தினமும் புலம்பல்.) அந்தப் பெண்ணாவது கடல் தாண்டி இருந்துகொண்டு கேட்டாள். நான் மூன்று வரி படித்துக் கட்டைவிரல் போட்டவன். அம்மா என்றைக்கு "எனக்கு முடியல" என்று நேராகச் சொல்லியிருக்கிறார்? மரத்துக்கும் செருப்புக்கும் நடுவில்தான் சொல்வார். அது பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சுருக்குவதை நிறுத்தாதே என்றுதான் அவளிடம் சொன்னேன். தினமும் எட்டு நிமிஷம் எல்லோரும் கேட்கப் போவதில்லை, பொய் சொல்வானேன். ஆனால் தூக்கம், கால், மூச்சு பற்றி பாட்டி என்ன சொன்னாலும் அவர் வார்த்தையிலேயே போட வேண்டும். கூடவே ஒலிப்பதிவையும் குரூப்புக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, சாதாரண வேகத்தில் முழுசாகக் கேட்கிறோம்.

ஞாயிறு என் முறை. போன வாரம் ஒன்பது நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் பக்கத்து வீட்டு ஆடு. "இப்ப ஒரு தலகாணியே போதும்டி" என்பது எட்டாவது நிமிஷத்தில் வந்தது.