ஒரு கண்ணைப் புரட்டி ஒட்டுவது திருத்தம் ஆகாது

குர்லாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியப்பாவின் மாலையிட்ட படம் ஆறு மாதங்கள் தொங்கியது. அதன் எதிரில் உட்காரும்போதெல்லாம் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். துயரம் என்றே நாங்கள் நினைத்தோம். ஒருநாள் அவரே சொன்னார்: "இது அவுக இல்லடா. இந்தக் கண்ணு யாரையுமே பாக்கலியே."

அவர் சொன்னது உண்மைதான். பெரியப்பாவுக்கு இடது கண் அவ்வப்போது வெளிப்பக்கமாக விலகும். களைத்திருக்கும்போதும் வெயிலில் நிற்கும்போதும் அது மிகும். கிடைத்த ஒரே தெளிவான படம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. அதில் கண் விலகியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் எங்களிடம் எதுவும் கேட்காமல் வலது கண்ணை நகலெடுத்து, இடவலமாகப் புரட்டி, இடது கண் இருந்த இடத்தில் ஒட்டிவிட்டார். இது ஒருவரின் தவறு அன்று. ஊர் முழுவதும் நடைமுறையில் உள்ள வழக்கம். அந்த வழக்கத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

புரட்டி ஒட்டிய கண் ஏன் உயிரற்றுப் போகிறது? கண்மணியின் மீது தெரியும் சிறு ஒளிப்புள்ளியைக் கவனியுங்கள். அது விளக்கோ வானமோ கருவிழியின் ஈரப்பரப்பில் விழுந்து தெறிப்பது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு கண்களிலும் புள்ளி இடப்பக்கமாகவே இருக்கும். புரட்டிய கண்ணிலோ அது வலப்பக்கம் போய்விடும். ஒரே முகத்தில் இரண்டு சூரியன்கள்! பார்ப்பவர் இதைச் சொற்களில் சொல்லமாட்டார். ஆனால் அந்தப் பார்வை தன்மீது படவில்லை என்பதை உணர்ந்துவிடுவார். பெரியம்மா உணர்ந்தது அதைத்தான்.

கண் மருத்துவர்களுக்கு இந்தப் புள்ளி பழைய துணை. நேராகப் பிடித்த சிறு விளக்கின் ஒளி இரு கண்மணிகளிலும் எங்கே விழுகிறது என்று ஒப்பிட்டு மாறுகண்ணின் அளவை மதிப்பிடும் முறைக்கு ஹிர்ஷ்பெர்க் சோதனை என்று பெயர். அதே அறிவு படத்தைத் திருத்துபவருக்கும் போதுமானது. எந்தக் கண் நம்மைப் பார்க்கிறது, எது விலகியது, எவ்வளவு விலகியது என்ற மூன்றையும் அந்தப் புள்ளியே சொல்லிவிடும். சில குழந்தைகளுக்கு மூக்கோரத் தோல்மடிப்பு உள்வெள்ளையை மறைப்பதால் மாறுகண் போலத் தோன்றும். புள்ளிகள் இரண்டும் ஒத்திருந்தால் அங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

மூலப் படத்தை வாங்கி நானே மீண்டும் செய்தேன். ஸ்கேன் செய்த படத்தில் கருவிழியின் அகலம் 96 பிக்சல். மனிதக் கருவிழி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலம் என்பதால், 8 பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். நம்மைப் பார்க்கும் வலது கண்ணில் ஒளிப்புள்ளி, கண்மணியின் நடுவிலிருந்து படத்தின் இடப்பக்கமாக 4 பிக்சல் தள்ளியிருந்தது. விலகிய கண்ணில் அது 16 பிக்சல். வேறுபாடு 12.

அப்படியானால் கருவிழியை 12 பிக்சல் நகர்த்தினால் போதுமா? போதாது. பலரும் இடறும் இடம் இதுவே. கண் சுழலும்போது ஒளிப்புள்ளியும் அதே திசையில் நகரும், ஆனால் கருவிழி நகர்வதில் ஏறத்தாழப் பாதியளவே நகரும். ஆகவே 12 பிக்சல் வேறுபாட்டைப் போக்கக் கருவிழியை 24 பிக்சலும் புள்ளியை 12 பிக்சலும் மூக்குப் பக்கமாகக் கொண்டுவர வேண்டும். புள்ளியைத் தனி லேயரில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கருவிழியோடு சேர்த்து நகர்த்தினால், கண் நேராகும், பார்வை நேராகாது.

நான் 24 வரை போகவில்லை. கருவிழியை 20 பிக்சலும் புள்ளியை 10 பிக்சலும் நகர்த்தி நிறுத்திக்கொண்டேன். எஞ்சிய சிறு விலகல் பார்ப்பவர் கண்ணை உறுத்தாது. அந்த முகத்தை நாற்பது ஆண்டுகள் பார்த்தவர்களுக்கோ அது வேண்டும்.

அடுத்து வெள்ளைவிழி. கருவிழி உள்ளே வந்ததும் வெளியோரத்தில் 20 பிக்சல் அகலத்துக்கு வெற்றிடம் உண்டாகும். அதைத் தூய வெள்ளையால் நிரப்பினால் பீங்கான் பொம்மையாகிவிடும். விழிவெள்ளை உண்மையில் வெள்ளையன்று; மேலிமையின் நிழல் படிந்த சாம்பல், ஓரத்தில் சற்றே சிவப்பு. அதே கண்ணின் உட்பக்க வெள்ளையிலிருந்து நகலெடுத்து, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் என்பதால் ஒரு சாயல் இருட்டாக்கி நிரப்பினேன். மூக்கோரத்துச் செந்தசையைத் தொடவில்லை. இமைகளையும் மாஸ்க் செய்து அப்படியே விட்டேன். சற்றே தாழ்ந்த அந்த இடது இமைதான் பெரியப்பா. கருவிழிக்கு மேலே இமையில் இருக்கும் மெல்லிய புடைப்பை மட்டும் அதனுடன் சிறிது உள்ளே நகர்த்தினேன். கடைசியில் முழுப்படத்தையும் இடவலமாகப் புரட்டிப் பார்த்தேன். பழகிய கண்ணுக்குத் தப்பும் பிழைகள் அப்போது தெரியும்.

இனி என் ஆய்வுலக நண்பர்களுக்கு. "திருத்தவே கூடாது, மாறுகண்ணை மறைப்பது அவமதிப்பு" என்கிறீர்கள். 'ஒன்றரைக்கண்' என்ற சொல்லை வசையாக வைத்திருக்கும் மொழியில் உங்கள் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ரஃபேல் வரைந்த இங்கிராமியின் உருவப்படத்தையும் காட்டுகிறீர்கள். வத்திக்கான் நூலகத் தலைவராக இருந்த அவருக்கு மாறுகண். ஓவியர் அதை மறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருப்பவர் சிந்தனையில் மேலே நோக்குவதாக வரைந்தார். விலகல் அப்படியே இருக்கிறது, பார்வைக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் ரஃபேலுக்கு எதிரில் ஆள் இருந்தார், நேரமும் இருந்தது. கேமரா பிடித்ததோ நொடியின் ஒரு துணுக்கு. பெரியப்பாவின் கண் எப்போதும் விலகியிருந்ததில்லை. யாராவது படம் எடுக்க வந்தால் அவர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிப் பார்வையைச் சேர்த்துக்கொண்டு நிற்பார். அன்று அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் எப்படித் தோன்ற விரும்பினார் என்பதற்கு அந்தச் சிமிட்டலைவிட வேறென்ன சான்று வேண்டும்?

என் வாதம் இதுதான். விட்டுவிட்டு விலகும் கண்ணை, அவருடைய வழக்கமான பார்வைக்குத் திருப்புவது நேர்மையான திருத்தம். எப்போதும் விலகியே இருக்கும் கண்ணை, உரியவர் கேட்காமல் தொடுவது அத்துமீறல். அடையாள ஆவணத்துக்கான படத்தில் எவர் கேட்டாலும் தொடக்கூடாது. எந்த நிலையிலும் மூலப்படத்தை அழிக்கக்கூடாது: விலகல் எந்த வயதில் தொடங்கியது என்பதை அறிய மருத்துவர்கள் பழைய குடும்பப் படங்களைக் கேட்பதுண்டு.

குழந்தையின் படத்தில் மாறுகண்ணைக் கண்டால், நேராக்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். சோம்பேறிக் கண்ணாக இருக்கலாம். சிறு வயதிலேயே கவனித்தால்தான் அதில் பார்வை மீளும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. விழித்திரைப் புற்று அப்படியும் வெளிப்படும், மாறுகண்ணாகவும் வெளிப்படும். அந்தக் கண்மணியைக் கறுப்பாக்கி அழகுபடுத்துகிறவர், தாம் எதை அழித்தோம் என்று அறியமாட்டார்.

புதிய படத்தைப் போன வாரம் மாட்டினோம். பெரியம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் விலகித்தான் இருக்கு" என்றார். பிறகு விளக்கேற்ற எழுந்தார்.