நீலம் கேட்டேன், வெள்ளை வந்தது

அண்மையில் இணையக் கடையொன்றில் நீலநிற மேற்சட்டை ஒன்று வாங்கினேன். வந்து சேர்ந்ததோ வெள்ளை. கடைக்காரரைக் கடிந்து எழுதப் புறப்பட்டு, அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்தபோது காரணம் புரிந்தது. மேலே இருந்த படம் நீலம். ஆனால் நிறத் தெரிவில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது வெள்ளை. நான் அளவை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கவனியாதது என் தவறுதான். எனினும் தவறுக்கு இடம்வைத்தது அந்தப் பக்கமே.

மூன்று நிறம், நான்கு அளவு என்றால், பக்கம் ஒன்றாயினும் பொருள்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீட்டெண்ணும் தனிக் கையிருப்புக் கணக்கும் வேண்டும். மொத்தமாக '30 உண்டு' என்று பதிந்துவைத்தால், நீலத்தில் 40ஆம் அளவு தீர்ந்த பின்னரும் விற்பனை நடந்துகொண்டேயிருக்கும்.

நிறத்தைத் தொட்டதும் படம் மாற வேண்டும். நிறத்தையும் அளவையும் வாங்குபவர் தாமே தெரிவுசெய்யும்வரை வாங்கும் பொத்தான் இயங்கலாகாது. தீர்ந்த அளவை மறைத்துவிடாமல் மங்கலாகக் காட்டுவதே நேர்மை. மறைத்தால், அந்த அளவே கிடையாது என்று அவர் எண்ணிவிடுவார். பணம் செலுத்துமுன் 'நீலம், 40' என்று சொல்லாலும் எழுதிக்காட்ட வேண்டும். சிறு வண்ணக் கட்டம் மட்டும் போதாது. திரையில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

துணியோ தையலோ வேறானால் அது வேறு பொருள். அதற்கு வேறு பக்கமே முறை.