இடமாறுதல் விண்ணப்பத்தில் விடுபடும் பத்தி

கல்வியாண்டு முடியும் சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியூர் அலுவலகங்களிலிருந்து கோவைப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்பதே அது. கொங்குநாட்டுத் தோட்டத்து வீட்டை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். சுற்றிலும் தென்னையும் சோளக்காடும் இருக்கும். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இன்னொரு வீடு இருக்காது. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரும், அடுத்த சில மாதங்களில் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்ட பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ராத்திரித் தூக்கம் எப்படி வரும்?

காரணம் உண்மையானது. ஆனாலும் அந்த விண்ணப்பங்களில் பல, கோப்பில் வைக்கப்பட்டதோடு நின்றுவிடுகின்றன. அதற்கு நிர்வாகத்தின் இரக்கமின்மை மட்டும் காரணமல்ல. விண்ணப்பிப்பவர், மேலதிகாரி, சான்று கொடுக்கும் மருத்துவர், சிபாரிசுக்குப் போன் போடும் பெரிய மனிதர், கோவையிலேயே பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் சக ஊழியர் என எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். எஸ்.எல். அப்பாஸ் என்பவர் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஷில்லாங் அலுவலகத்தில் பணியாற்றியவர். இதே நிறுவனத்தின் தென்மண்டல மையம் நம் கோவையில்தான் இருக்கிறது. 1991இல் அவரை அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதியான பௌரிக்கு மாற்றினார்கள். மனைவிக்கு ஷில்லாங்கில் அரசு வேலை, பிள்ளைகளின் படிப்பும் அங்கே, தனக்கு முதுகுவலி என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1993இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கணவன் மனைவியை ஒரே ஊரில் அமர்த்தலாம் என்னும் வழிகாட்டுதல், நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமை ஆகாது என்றது. ஆனால், ஊழியர் முறையிட்டால் நிர்வாகத் தேவைகளையும் பார்த்து அதிகாரி அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2022 மார்ச்சில் சுங்கம், மறைமுக வரித் துறை ஊழியர்களின் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. மாறுதல் கொள்கையை வகுப்பது அரசின் வேலைதான் என்று ஏற்றுக்கொண்டாலும், குடும்ப வாழ்வைக் காக்க வேண்டிய கடமையை அந்தக் கொள்கை மறந்துவிடக் கூடாது என்றது. தம்பதியர், மாற்றுத்திறனாளிகள், கருணை அடிப்படையில் கேட்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துக் கொள்கையை மறுபடி பார்க்கும்படியும் கூறியது.

ஆக, மாறுதல் கேட்பவருக்கு உரிமை இல்லை. கேட்கப்படும் வாய்ப்பு மட்டும் உண்டு. அதனால்தான் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தராக இருக்கிறார் ஒருவர். பெற்றோர் சோமனூர் அருகே தோட்டத்தில். அப்பாவுக்குப் பக்கவாதம். வழக்கமாக இத்தகையவர் எழுதும் கடிதம் ‘சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்’ என்று தொடங்கும். இரண்டு பக்கம் வேதனை, பின்னால் முப்பது மருந்துச் சீட்டுகளின் நகல், கடைசியில் ‘உடனடியாக ஆவன செய்யும்படி’ என்று முடியும். படிக்கும் அதிகாரிக்கு நான்கு கேள்விகள் எழும். வீட்டில் வேறு யாரும் இல்லையா? அப்பாவைச் சென்னைக்கு அழைத்துவந்தால் என்ன? கோவையில் இடம் காலி இல்லையென்றால் என்ன செய்வார்? இவர் போனால் இந்த மேசையை யார் பார்ப்பது? நான்கில் ஒன்றுக்கும் கடிதத்தில் விடை இருக்காது. அதே மனிதர் இப்படி எழுதினால்?

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். 2017 முதல் இவ்வலுவலகத்தில் பணிபுரிந்து வருகிறேன். 72 வயதாகும் என் தந்தைக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் ஏற்பட்டு, வலது கையும் காலும் செயலிழந்துள்ளன. இயலாமையின் அளவைக் குறிப்பிடும் மாற்றுத்திறனாளிச் சான்றை இணைத்துள்ளேன். வாரம் மூன்று நாள் இயன்முறை சிகிச்சைக்குக் கோவை அழைத்துச் செல்ல வேண்டும். 68 வயதாகும் என் தாயாரால் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற இயலவில்லை. உடன்பிறந்த தங்கை திருமணமாகி மைசூரில் கைக்குழந்தையுடன் இருக்கிறார்.

பெற்றோரைச் சென்னைக்கு அழைத்துவந்து மூன்று மாதம் வைத்திருந்தேன். குடியிருப்பது மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடி என்பதால், தந்தையைச் சிகிச்சைக்கு இறக்கி ஏற்ற முடியாமல் ஊருக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

கோவை அலுவலகத்துக்கு விருப்ப மாறுதல் அளிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். அங்கே காலியிடம் இல்லையெனில் திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு ஆகிய எந்த ஊரையும் ஏற்கிறேன். விருப்ப மாறுதலுக்குப் பயணப்படி இல்லை என்பதையும், வேறு பணிமூப்புப் பட்டியலுக்குச் சென்றால் அதன் கடைசியில் வைக்கப்படுவேன் என்பதையும் அறிவேன், அதற்குச் சம்மதிக்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள ஓய்வூதியக் கோப்புகளின் நிலுவைப் பட்டியலை இணைத்துள்ளேன். மார்ச் கணக்கு முடியும்வரை பணியில் இருந்து, பதிலாக வருபவருக்கு இரண்டு வாரம் உடனிருந்து வேலையை ஒப்படைத்த பின் விடுவிக்கப்பட்டால் போதும்.’

அவ்வளவுதான், ஒரு பக்கம். இந்தக் கடிதத்தின் உயிர் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பெரும்பாலான விண்ணப்பங்களில் விடுபட்டுப்போவதும் அதுதான். ஓய்வு பெற்ற யாரோ ஒருவரின் ஓய்வூதியம் அந்த மேசையில் காத்திருக்கிறது. அவரும் ஒரு வீட்டின் அப்பாதான். தன் அப்பாவுக்காகக் கேட்பவர் அவரையும் நினைத்துப் பார்க்கிறார் என்பதைக் காட்டும் வரிகள் அவை. பணிவு என்பது இதுதான். ‘தங்கள் பொற்பாதம்’ என்றெல்லாம் எழுதத் தேவையில்லை.

சான்று விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மாற்றுத்திறனாளியான பெற்றோரையோ பிள்ளையையோ பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு, சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று பணியாளர் துறையின் 2018 அக்டோபர் குறிப்பாணை சொல்கிறது. இருக்கும் ஊரிலிருந்து பிடுங்கி எறியாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. விரும்பிய ஊருக்கு அழைத்துச்செல்லும் ஆணையாக அதைக் காட்டி வாதாடினால் அதிகாரி மறுத்துவிடலாம். இப்படிப்பட்ட பராமரிப்பு தேவை என்று அரசே ஏற்றிருக்கிறது என்பதற்குத் துணையாகக் காட்டினால் மதிப்பு இருக்கும். பொதுத்துறை வங்கிப் பெண் ஊழியர்களுக்கு 2014 ஆகஸ்டில் நிதிச் சேவைகள் துறை அனுப்பிய அறிவுரை இதைவிடத் தெளிவானது. மணமானவர் கேட்டால் கணவர் பணிபுரியும் ஊரிலும், மணமாகாதவர் கேட்டால் பெற்றோர் இருக்கும் ஊரிலும், முடியாவிட்டால் அருகிலும் அமர்த்தச் சொல்கிறது. அந்த அறிவுரையைப் பார்வையில் குறிப்பிட்டே எழுத வேண்டும்.

இதில் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரிந்தவர் கேட்டார் என்பதற்காக எழுதித் தரும் ஒவ்வொரு மிகைச் சான்றும், உண்மையிலேயே படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் சான்றைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. சிபாரிசும் அப்படியே. அரசியல் செல்வாக்கையோ வெளியார் செல்வாக்கையோ பயன்படுத்துவதை மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 20ஆம் விதி தடுக்கிறது. நம் பகுதியில் சொந்தபந்தம் பெரிது. யாரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று கேட்பது நமக்குப் பழகிவிட்டது. பிடிக்க ஆளில்லாதவரின் கடிதம் அதனால் அடியில் போகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, கோவையில் இருப்பவர்களின் பங்கு. காலியிடம் வானத்திலிருந்து வராது. மாவட்டத் தலைநகரில் நாற்காலி கிடைத்தவர் அங்கேயே வேர்விட்டால், வால்பாறையிலும் தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் இருப்பவர் இறங்கிவர வழியில்லை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வேலைக்குப் போகும் ஆசிரியரும் செவிலியரும் சமவெளிக்கு வர விரும்புவதில் தவறில்லை. ஆனால் எல்லாரும் இறங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் பாடம் சொல்வது? மலையில் இத்தனை ஆண்டு பணியாற்றினால் கீழே வருவது உறுதி என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதும், நகரத்தில் நீண்டகாலம் இருந்த, வீட்டுச் சுமை குறைந்தவர்கள் முறைவைத்து மேலே போவதும்தான் இருதரப்புக்கும் நியாயம். ஊழியர் சங்கங்கள் இதை முன்வந்து சொன்னால் நிர்வாகம் மறுக்க முடியாது.

அலுவலகத் தலைவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறியது. கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் பதில், மறுத்தால் காரணம். ‘காலியிடம் இல்லை’ என்று ஒற்றை வரியில் வந்தாலும், எப்போது மறுபடி கேட்பது என்று விண்ணப்பித்தவருக்குத் தெரியும். பள்ளி ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு நடக்கிறது. காலியிடங்களைக் காட்டி, முன்னுரிமை வரிசைப்படி தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். குறைகள் இருந்தாலும் தன் முறை எங்கே நிற்கிறது என்று அங்கே தெரிகிறது. மற்ற துறைகளும் குறைந்தபட்சம், யார் எந்த ஊருக்கு எந்தத் தேதியில் கேட்டார் என்ற பட்டியலையாவது ஊழியர்கள் பார்க்கும்படி வைக்கலாம். நோய் விவரம் அதில் வேண்டாம். அது அவரவர் வீட்டு விஷயம்.

அப்படி ஒரு பட்டியல் இருந்தால், கோவையில் அமர்ந்துகொண்டு தாம்பரத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவை நினைத்துக் கவலைப்படும் ஒருவரும், நம் சோமனூர்க்காரரும் ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள். மனமொத்த மாறுதலுக்கு இருவரும் சேர்ந்து எழுதும் விண்ணப்பத்தில் ‘காலியிடம் இல்லை’ என்ற பதிலுக்கே இடமிருக்காது.