'தடுக்கவில்லை': யார்?

நாகர்கோவிலில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் கூட்டத்தில் ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா' நாவலை எடுத்துக்கொண்டோம். 2022ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற இலங்கை நாவல் அது. ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்க முடியாத தோழர்கள் இருவர் இருந்ததால், முதல் சில பக்கங்களை நானே வாய்மொழியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். நாவல் முழுக்க 'யூ' என்றே கதை சொல்லப்படுகிறது. அதை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா?

கதை 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. போர்க்களப் புகைப்படக்காரன் மாலி அல்மேதா கொல்லப்பட்டுவிட்டான். கண் விழித்துப் பார்க்கும்போது அரசு அலுவலகம் போன்ற ஒரு மறுமையில் வரிசையில் நிற்கிறான். தன்னைக் கொன்றது யார் என்பது நினைவில் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் அவன் எடுத்த படங்கள் இருக்கின்றன. 1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்டபோது எடுத்தவையும் அதில் உண்டு. அவற்றை உலகத்துக்குக் காட்ட அவனுக்கு ஏழு இரவுகள் மட்டுமே அவகாசம். இந்தக் கதையை இறந்த மாலி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல நாவல் எழுதப்பட்டிருக்கிறது. உடல் போன பிறகு எஞ்சுவது தலைக்குள் கேட்கும் குரலாக இருக்கலாம், அந்தக் குரல் நம்மிடம் முன்னிலையில்தான் பேசுகிறது என்பது ஆசிரியர் தந்திருக்கும் விளக்கம்.

கூட்டத்தில் 'நீ'யா 'நீங்கள்'ளா என்று விவாதம் எழுந்தது. 'நீ' என்றால்தான் நெருக்கமாக இருக்கும் என்றேன். சாம்பவர் குடியிருப்பிலிருந்து வரும் தோழர் ஒருவர் சிரித்தார். "புத்தகம் என்னப் பாத்து நீன்னு சொன்னா எனக்கு அதுல என்ன புதுசு தோழர்? எங்க அப்பாவுக்கு அறுவது வயசு. இப்பவும் ஊருல சின்னப் பயலுவ அவர அப்பிடித்தான் கூப்பிடுதானுவ."

அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஆங்கிலத்தின் 'யூ'வுக்கு வயதும் தெரியாது, சாதியும் தெரியாது. யார் வாசித்தாலும் அவர்மேல் பொருந்திக்கொள்ளும். எல்லா மொழிக்கும் இந்தச் சலுகை கிடையாது. 1957இல் மிஷேல் புதோர் பிரெஞ்சில் 'லா மோதிஃபிகாசியோன்' என்ற நாவலை முன்னிலையில் எழுதியபோது, அங்கேயும் 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் 'நீங்கள்' என்பதை எடுத்தார். நம் ஊரில் இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் பகுதி. அங்கே பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், புலையர்கள் எப்படிப் பேசவேண்டியிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். தம் பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ குறிப்பிட வேண்டும். தன்மை இடத்தையே சாதி பறித்துக்கொண்ட மண்ணில் முன்னிலை மட்டும் வெறும் இலக்கண உருப்படியாக இருக்க முடியுமா?

முன்னிலைக் கதை வாசகரை எப்படி உள்ளே இழுக்கிறது என்பதை ஒரு சிறு காட்சியை வைத்துப் பார்க்கலாம். நாவலில் உள்ளதல்ல, என் சொந்த வீட்டுக் காட்சி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டி வீட்டுத் தோப்பில் தென்னை மூடு கொத்த ஒரு பெரியவர் வருவார். பதினொரு மணிக்கு அவருக்குக் கட்டஞ்சாயா. புறவாசல் மதில்மேல் ஒரு அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதை அவரே எடுத்துக் கழுவி நீட்டுவார். தம்ளரில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து சாயா ஊற்றப்படும். குடித்ததும் மறுபடி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

இதை மூன்று விதமாகச் சொல்லலாம். 'அந்தப் பையன் உயரத்திலிருந்து ஊற்றினான்' என்றால் வாசகர் நீதிபதி. பையனையும் அவன் வீட்டையும் வெளியே நின்று எடைபோடலாம். 'நான் உயரத்திலிருந்து ஊற்றினேன்' என்றால் வாசகர் பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியார். சொன்னவனின் நேர்மையைப் பாராட்டிவிட்டு எழுந்து போகலாம். 'நீ உயரத்திலிருந்து ஊற்றினாய்' என்றால் வாசகருக்கு இருக்கை இல்லை. 'ஊற்றினாயா?' என்று கேட்டிருந்தால் இல்லை என்று பதில் சொல்லலாம். 'ஊற்று' என்று ஏவியிருந்தால் மறுக்கலாம். 'ஊற்றினாய்' என்பதோ நடந்து முடிந்ததாக அறிவிக்கிறது. மறுக்க வேண்டுமானால் புத்தகத்தைத்தான் மூட வேண்டும்.

ஆனால் வாசகர் அவ்வளவு எளிதில் பிடிபடுகிறவர் இல்லை. மாலி சூதாடி, பல ஆண்களோடு உறவு கொண்டவன், கொழும்பின் மேல்தட்டோடு பழகியவன். இத்தகைய விவரம் வரும்போதெல்லாம் 'இது நானில்லை, மாலி' என்று நான் வெளியேறிவிட்டேன். அது இயல்புதான். என்னை இழுத்த இடங்கள் வேறு. அவன் கேமராவோடு நின்று பார்த்த இடங்கள், பார்த்தும் தடுக்காத இடங்கள், ராணுவத்துக்கும் வெளிநாட்டு ஊடகத்துக்கும் தமிழர்மீதான வன்முறைக்கு ஆதாரம் திரட்டும் அமைப்புக்கும் ஒரே கையால் வேலை செய்த இடங்கள். அங்கே விவரம் குறைவு, வெளியேறக் கதவும் இல்லை. நின்று பார்ப்பதை எல்லோரும் செய்திருக்கிறோமே.

தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 'பார்த்தாய்' என்ற சொல்லில் ஆள் இருக்கிறான். 'நீ' என்று தனியாகச் சொல்லாவிட்டாலும் 'ஆய்' என்ற விகுதி விரல் நீட்டிவிடும். 'தடுக்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். நான் தடுக்கவில்லை, நீ தடுக்கவில்லை, அவன் தடுக்கவில்லை, அவர்கள் தடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். இன்றைய தமிழில் நாம் செய்த செயலுக்கு விகுதி உண்டு, செய்யாமல் விட்டதற்கு இல்லை. பழந்தமிழில் அறியேன், அறியாய், அறியான் என்று இல்லாமைக்கும் ஆள் இருந்தது. இப்போதும் 'தடுக்கமாட்டேன்' என்று இனிமேல் நடக்கப்போவதைச் சொன்னால் ஆள் தெரிகிறது. நடந்து முடிந்த மௌனத்துக்கு மட்டும் முகம் கிடையாது.

சாதி வன்கொடுமைச் செய்திகளில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று கவனியுங்கள். 'தெருவே திரண்டு நின்றும் தடுக்கவில்லை', 'யாரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை'. வெட்டியவனுக்குப் பெயரும் விகுதியும் உண்டு. நின்றவர்கள் 'வில்லை'க்குள் கரைந்துவிடுகிறார்கள். முன்னிலையில் கதை சொல்வதன் பயன் தமிழில் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 'நீ தடுக்கவில்லை' என்று எழுதும்போது, விகுதி விட்டுப்போன ஆளை அந்த 'நீ' திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

1983 என்றதும் தமிழ் வாசகரான நான் இயல்பாகவே தாக்கப்பட்டவர் பக்கம் போய் நின்றுகொள்வேன். இந்த நாவலின் 'நீ' என்னை அங்கே நிற்க விடவில்லை. கேமராவுக்குப் பின்னால், கூட்டத்தின் பக்கம் நிறுத்தியது. அங்கிருந்து பார்த்தபோது எனக்குக் கொழும்பு தெரியவில்லை, பாட்டி வீட்டுப் புறவாசல்தான் தெரிந்தது.

நான் நாடார் சமூகத்தில் பிறந்தவன். தோள்சீலைப் போராட்டத்தைக் கேட்டு வளர்ந்தவன். எங்கள் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டார்கள், எங்கள் வீடுகள் எரிக்கப்பட்டன, 1859இல் அரசு பணிந்து பிரகடனம் வெளியிட்டது. இதையெல்லாம் 'நாங்கள்' என்று தன்மைப் பன்மையில் பெருமையாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். அதே வீட்டு மதில்மேல் இருந்த தம்ளரைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'அந்தக் காலத்தில் அப்படி இருந்தது' என்போம். போராடியதற்கு எழுவாய் உண்டு, ஒதுக்கியதற்கு இல்லை. இந்தக் கட்டுரையில் நானே மேலே எப்படி எழுதியிருக்கிறேன் பாருங்கள். தம்ளர் 'கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்'. சாயா 'ஊற்றப்படும்'. திட்டமிட்டு எழுதவில்லை, கை தானாக அப்படிப் போனது. ஊற்றியது நான்தான்.

இந்த உத்திக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. அதை எங்கள் கூட்டத்துத் தோழர்தான் காட்டினார். 'நீ உயரத்திலிருந்து ஊற்றினாய்' என்ற வாக்கியத்தை அவரிடம் வாசித்தால், அவர் ஊற்றியவரின் இடத்தில் நிற்க முடியாது. தம்ளரை நீட்டியவர் அவருடைய தாத்தாவாக இருந்திருக்கலாம். வாசகர் எல்லோரும் ஊற்றிய வீட்டுக்காரர்கள் என்று எழுத்தாளர் எண்ணிக்கொண்டால், அந்த 'நீ' இன்னொரு முறை அவரைப் புறவாசலுக்கு அனுப்புகிறது. உடந்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட ஒன்றல்ல. ஆகவே முன்னிலை நாவலை வாசிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த 'நீ' யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறது? எந்த வாக்கியத்தில் 'இது நானில்லை' என்று நான் நழுவினேன்? விவரம் பொருந்தாததால் நழுவியிருந்தால் குற்றமில்லை. விவரம் பொருந்தியதால் நழுவியிருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்க வேண்டும்.

குற்றவுணர்ச்சியால் பயன் என்ன என்று கேட்கலாம். வெறும் குற்றவுணர்ச்சியாக நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. அது எனக்கே என்மேல் ஒரு மரியாதையை உண்டாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். 'நீ' செய்யக்கூடியது அதைவிடச் சிறியது, அதைவிடத் துல்லியமானது. ஒரு வாக்கியத்துக்கு உரிய ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆள் கிடைத்த பிறகுதான் அவரிடம் கணக்குக் கேட்க முடியும்.

முதல் பக்கத்தைக் கடைசியில் 'நீ' என்றே மொழிபெயர்த்தோம். தோழர் சொன்ன காரணம் இது: "பொறந்ததுல இருந்து நீங்க, நீங்கன்னே கேட்டவனுவளும் ஒரு முந்நூறு, நானூறு பக்கம் நீன்னு கேக்கட்டும்."

அந்தப் பெரியவரை நானும் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், பெயர் சொல்லி. ஒருநாள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லா படிக்கணும், கேட்டியளா" என்றார். ஒன்பது வயதுப் பையனுக்கு அந்த 'இயளா' எதற்கு என்று நான் அன்று கேட்கவில்லை.

நீ கேட்கவில்லை.