கதைசொல்லி ஏன் வாயை மூடவேண்டும்?

“ஆசிரியர் கதைக்குள்ள வந்து கதைக்கக்கூடாது.” சிறுகதைப் பட்டறை எதற்குப் போனாலும், புதிதாக எழுத வாற பிள்ளையள் முதலில் கேட்கிற கட்டளை இதுதான். கதைசொல்லி ஒரு கருத்துச் சொன்னால் “பிரசாரம்” என்பார்கள். பகிடி விட்டால் “பாத்திரத்திலிருந்து வாசகரை விலத்துது” என்பார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை எழுதுவது, சுவரில் பொருத்திய கமெரா பார்த்ததைப் போல ஒரு கதை. கதவு திறந்தது, அவள் வந்தாள், தேநீர் ஆறியது. இந்தக் கட்டளையை நாங்கள் ஏற்கவில்லை. எல்லாம் தெரிந்த, வாய் ஓயாத, அன்பும் கோபமும் உள்ள ஒரு கதைசொல்லியால் வாசகரைப் பாத்திரத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுபோக முடியும். அவர் கருத்துச் சொல்வது பிரச்சினையில்லை. யாரைப் பற்றி, எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கட்டளை எங்கட மண்ணில் முளைத்ததில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் 1852இல் ஒரு கடிதத்தில், ஆசிரியர் தன் படைப்புக்குள் கடவுளைப்போல மறைந்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். 1921இல் பேர்சி லபக் என்ற ஆங்கில விமர்சகர், சொல்வதைவிடக் காட்டுவதே கலை என்பதை ஒரு நூலாகவே எழுதினார். 1961இல் வெய்ன் பூத், எதைக் காட்டுவது எதை விடுவது என்ற தெரிவிலேயே ஆசிரியரின் குரல் இருக்கிறது, அதை ஒழிக்க ஏலாது என்று விரிவாக மறுத்துவிட்டார். அந்த மறுப்பு எங்கட பட்டறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லைப் போல.

தமிழில் இந்தக் கட்டளை இன்னும் பலவீனமானது. ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று எழுதிவிட்டு ஒளிந்துகொள்ளலாம். தமிழில் முதல் வசனத்திலேயே பிடிபட்டுவிடுவீர்கள். வந்தவர் ‘அவனா’, ‘அவரா’? ‘அவளா’, ‘அவவா’? வாத்தியார் ‘வந்தார்’, மரமேறுகிறவர் ‘வந்தான்’ என்று எழுதுகிற ‘மறைந்த’ கதைசொல்லி எவ்வளவு பெரிய கருத்தைச் சொல்லிவிட்டார், பாருங்கோ! சாதியும் வயதும் வர்க்கமும் வினைமுற்றில் ஏறி உட்கார்ந்திருக்கிற மொழியில் நடுநிலைக் கமெரா என்று ஒன்று கிடையாது. ஒளிந்திருக்கிற கதைசொல்லியின் கருத்தோடு சண்டை பிடிக்க ஏலாது. முகத்தைக் காட்டுகிற கதைசொல்லியோடு பிடிக்கலாம். எங்களுக்கு இது வெறும் உத்திப் பிரச்சினை இல்லை என்பது இதனால்தான்.

சரி, முகத்தைக் காட்டியபடி பாத்திரத்தோடு நெருக்கத்தைக் காப்பது எப்படி? புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை எடுங்கள். 1930களில் எழுதியது, சில பக்கம்தான். அதில் கதைசொல்லி ஆரம்பத்திலிருந்தே நக்கலடிக்கிறார். சாக்கடையும் நுளம்பும் இருட்டுமான சந்தைப் பொன்னகரம் என்கிறார். பிறகு ஆலையில் வேலைசெய்யும் அம்மாளு வருகிறாள். குதிரை வண்டி ஓட்டும் புருஷன் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், வீட்டில் காசில்லை. இருட்டிய சந்தில் ஒருவனோடு போய் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். கடைசியில் கதைசொல்லி வாசகர் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றிப் பேசும் எங்களை நேரடியாகவே ஏசுகிறார்.

பட்டறைக் கட்டளைப்படி இது பெரிய குற்றம். ஆனால் அம்மாளு எங்களை விட்டுத் தூரம் போகிறாளா? இல்லையே. ஏனென்று பார்த்தால், அந்த நக்கல் முழுக்க நகரத்தின் மேலும் வாசிக்கிற எங்கள் மேலும்தான் விழுகிறது. அம்மாளு மேல் ஒரு துளியும் விழவில்லை. அவளுக்காக அழவும் இல்லை. அவளுடைய முடிவை நியாயப்படுத்த அவள் மனதுக்குள் புகுந்து பக்கம் பக்கமாக விளக்கவும் இல்லை. அந்தச் சந்தில் குரல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. கதைசொல்லி எங்களை ஏசும்போது அவர் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஏச்சு வாங்குகிற நாங்களும் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டி வருகிறது. ஆகவே முதல் விதி: கருத்து உலகத்தின் மேலும் வாசகர் மேலும் பாயட்டும். பாத்திரத்துக்காக நாங்கள் என்ன உணரவேண்டும் என்று மட்டும் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

இரண்டாவது விதியை ஜோர்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ (1871–72) காட்டுகிறது. டொரத்தியா என்ற இளம்பெண், கசோபன் என்ற வயதான அறிஞரைக் கட்டுகிறாள். அவர் முடிக்கமுடியாத ஒரு மாபெரும் நூலை வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் வறண்ட மனிதர். வாசகர் முழுப்பேரும் அவள் பக்கம்தான். 29ஆம் அத்தியாயம் அவளைப் பற்றி ஒரு வசனத்தைத் தொடங்குகிறது. நடுவிலேயே கதைசொல்லி அதை முறித்து, ஏன் எப்போதும் இவளைப் பற்றியே கதைக்கவேண்டும் என்று தன்னையே கேட்கிறார். பிறகு எல்லாரும் வெறுக்கும் அந்தக் கிழவரின் மனதுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவருக்கும் பயம் உண்டு, தோற்றுவிடுவோம் என்ற வேதனை உண்டு, தனக்கு அவர்மேல் இரக்கம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். இந்தக் குறுக்கீடு இல்லாவிட்டால் நாங்கள் அவருக்குக் கிட்டவே போயிருக்க மாட்டோம்.

அதே எலியட் 42ஆம் அத்தியாயத்தில் என்ன செய்கிறார்? தன் இதயநோயைப் பற்றி அப்போதுதான் வைத்தியரிடம் கேட்டறிந்த கசோபன், ஆறுதலாகக் கைகோர்க்க வந்த மனைவியைக் கணக்கெடுக்காமல் விறைத்து நிற்கிறார். அங்கே கதைசொல்லி ஒரு கருத்துச் சொல்கிறார். ஆனால் அன்றிரவு அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு, அவர் வேலை முடித்து விளக்கோடு படியேறி வரும்வரை இருட்டில் காத்திருக்கிறாள். இருவரும் கைகோர்த்து நடக்கிறார்கள். அதற்குப் பிறகு எலியட் வாயே திறக்கவில்லை, அத்தியாயம் முடிந்துவிடுகிறது. எங்களைக் கொண்டுவந்து விடும்வரை பேசு, வந்து சேர்ந்ததும் நிறுத்து. இதுதான் இரண்டாவது விதி.

இப்போது நாங்களே ஒன்று எழுதிப் பார்ப்போம். பாக்கியம் என்ற ஒருத்தி நகை அடகு வைக்கப் போகிறா. முதலில் பிரசாரக் குரல்:

“பாவம் பாக்கியம்! கணவனை இழந்த அவள் எத்தனை துன்பங்களைத் தாங்கியிருப்பாள்! இந்தச் சமூகம் அவளைக் கண்டுகொள்வதில்லை. கனத்த மனத்துடன் கடைக்குள் நுழைந்தாள்.”

அடுத்தது கமெரா:

“பாக்கியம் கடைக்குள் நுழைந்தாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு காப்புகளை மேசையில் வைத்தாள். மேலே ஃபான் சுற்றியது.”

மூன்றாவது, எங்கட கதைசொல்லி:

“எங்கட ஊரில அடகுக்கடைக்கு ஒருத்தரும் போறதில்லை. மருந்து வாங்கப் போவினம், வழியில கால் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். ஊர் மரியாதை அப்பிடி. பாக்கியமும் அண்டைக்கு மருந்து வாங்கத்தான் போனா. கையில குடை. மழையுமில்லை, வெயிலுமில்லை, குடை பிடிச்சால் முகம் தெரியாது. கடை வாசலில ஒரு சைக்கிள் நிக்குது. ஆற்றை? தபால்காரற்றையோ? அந்தாள் கண்டால் வீட்டுக்கு வீடு கடிதத்தோட இதையும் குடுத்திடும். உள்ள போய்க் காப்பு ரெண்டையும் தராசில வைச்சா. இலக்கம் ஓடி நிண்டது. கடைக்காரர் எழுதினதை அவ எட்டிப் பாக்கேல்லை. வெளியில வந்து, மருந்துக்கடைக்குப் போய் பனடோல் காட் ஒண்டு வாங்கினா.”

முதலாவது, உணரவேண்டியதை எங்களுக்குப் பதிலாக உணர்ந்து முடித்துவிட்டது. இரண்டாவதில் அவ யாராகவும் இருக்கலாம். மூன்றாவதில் கருத்து நிறைய இருக்கிறது, ஆனால் அது ஊரைப் பற்றியது. ஊர் மரியாதையைப் பகிடி பண்ணிய குரல், குடைக்கு வரும்போது அவவுடைய காரணத்தைச் சொல்கிறது. “ஆற்றை?” என்ற கேள்வி யாருடையது? அது பாக்கியத்தின் பயம். அறிவிப்பு ஒன்றும் இல்லாமல் கதைசொல்லியின் பேச்சு அவவுடைய மனப்பேச்சாகிவிட்டது. தராசு வந்ததும் குரல் அடங்கிவிடுகிறது. கடைசியில் பொய் பொய்யாகிவிடக்கூடாது என்று அவ பனடோல் வாங்குகிறா. அங்கே “மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்” என்று ஒரு வசனம் சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். ‘போனாள்’ என்று எழுதாமல் ‘போனா’ என்று எழுதியதும் ஒரு கருத்துத்தான். அந்த மரியாதையை அவவுக்குக் கதைசொல்லி தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

இந்தக் குரல் கெடுகிற இடங்களும் உண்டு, மறைக்க மாட்டோம். சிரிப்பு பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் வரத் தொடங்கினால், நாங்கள் கதைசொல்லியோடு கூட்டுச் சேர்ந்து அவவைக் கீழே பார்க்கிறோம். அண்ணாந்து பார்க்கிற சைவக் கடவுளும் குனிந்து பார்க்கிற பெரிய மனுசரும் ஒன்றில்லை. ஒரே பத்தியில் பாக்கியத்தின் மனம், அடுத்த வசனத்தில் கடைக்காரரின் மனம் என்று தாவினால் இரண்டு பேரும் கைநழுவிப் போவார்கள். கடைக்காரரிடம் போகவேண்டுமானால் எலியட்டைப்போல வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, புதுப் பத்தியில் போய் அங்கே கொஞ்சநேரம் இருக்கவேண்டும். எல்லாம் தெரிந்தவர் வேண்டுமென்றே ஒன்றை ஒளித்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி கொடுத்தால், அதுவரை அவரோடு வந்த வாசகருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும்.

கண்டுபிடிக்கிற வழி சுலபம். எழுதிய கதையில் கதைசொல்லியின் கருத்தெல்லாவற்றுக்கும் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் யாரைப் பற்றியது என்று ஓரத்தில் எழுதுங்கள். பாத்திரத்தின் செயல் ஏற்கனவே சொன்னதைத் திரும்பச் சொல்கிற கோடுகளை வெட்டுங்கள். மிக முக்கியமான கணத்தில் கோடு விழுந்திருந்தால் அதையும் வெட்டுங்கள். மிச்சத்தை விடுங்கள், யார் சொன்னாலும் வெட்டவேண்டாம்.

எங்கட அம்மம்மாமார் கதை சொல்லும்போது ஊரைத் திட்டி, எங்களைத் திட்டி, இடையில் வெற்றிலையும் மடித்து, அழவேண்டிய இடத்தில் மட்டும் பேசாமல் இருந்தவை. அவையை எந்தப் பட்டறையும் திருத்தத் துணியாது. எழுதுகிற பிள்ளையளையும் விடுங்கோ.