‘விரைவில் அறிவிப்போம்’ என்றால் எப்போது?



வாலிபர் ஐக்கியத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 30 பவுண்டு புத்தகக் கூப்பன் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்: “பரிசு! பரிசு! எங்களைப் பின்தொடருங்கள், லைக் போடுங்கள், நண்பர்களை டேக் செய்யுங்கள், ஸ்டோரியில் பகிருங்கள். வெள்ளி நள்ளிரவு வரை. அதிர்ஷ்டசாலியை விரைவில் அறிவிப்போம்!”

உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சண்டைக்கு வேண்டிய இடமெல்லாம் இதற்குள் இருக்கிறது.

முதலில் ‘ஸ்டோரியில் பகிருங்கள்’ என்பதைப் பாருங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் பிள்ளை பகிர்ந்தாளா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. நம்மால் சரிபார்க்க முடியாத ஒன்றை நிபந்தனையாக வைக்கக் கூடாது. இதே அறிவிப்பை ஃபேஸ்புக்கிலும் போடுவதானால், சொந்தப் பக்கத்தில் பகிர்வதையும் நண்பர்களை டேக் செய்வதையும் போட்டியில் சேரும் வழியாக வைக்க அவர்களுடைய விதியே இடங்கொடுப்பதில்லை. ஒரு கேள்வி, அதற்குக் கமெண்டில் ஒரு பதில், அவ்வளவு போதும்.

நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு வாங்கலாமே என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். வேண்டாம். பணம் கட்டிச் சேர்வது, பரிசு, குலுக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி அது லாட்டரி. அதற்கு வேறு விதிகள் உண்டு. சபைப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது ‘வெள்ளி நள்ளிரவு’. வெள்ளிக்கிழமை தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? ஒருவருக்கு ஒருநாள் முழுவதும் போய்விடும். “மே 22, வெள்ளி, இரவு 11.59, லண்டன் நேரம்” என்று எழுதினால் கேள்வியே இல்லை. அந்த நேரத்தில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சனி அதிகாலை 4.29. ஊரிலிருக்கும் சித்தி பிள்ளைகளும் சேரலாமா, பரிசை அங்கே அனுப்புவோமா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கமெண்ட் குறைவாக வந்திருக்கிறது என்று கடைசி நாளைத் தள்ளிப்போடவும் கூடாது. நம் கைமீறிய காரணம் இல்லாமல் முடிவு நாளை மாற்றக் கூடாது என்பது பிரிட்டன் விளம்பர நெறிமுறையிலேயே இருக்கிறது. நேரத்தோடு வந்தவர்களுக்கு அது அநியாயம்.

அதிகமாக மனஸ்தாபம் வருவது வெற்றியாளரைத் தெரிவு செய்வதில்தான். ஒரு கணக்கு பார்ப்போம். 64 கமெண்ட்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் 47 பேர். ஒரு தம்பி மட்டும் ஒன்பது முறை எழுதியிருக்கிறான். அப்படியே சீட்டுப் போட்டால் 64 சீட்டில் ஒன்பது அவனுடையது. மற்றவர்களுக்கோ பெரும்பாலும் ஒன்றுதான். ‘ஒருவருக்கு ஒரு வாய்ப்பு’ என்று அறிவிப்பில் இருந்தால் 47 ஆகும். அதில் மூன்று பேர் கமிட்டியார். அவர்களை நீக்கினால் 44. கமெண்ட் வந்த வரிசையில் பெயர்களை எழுதி, 1 முதல் 44 வரை எண்ணிட்டு, கமிட்டியில் இல்லாத ஒருவர் பார்க்க ஒரு சீட்டை எடுங்கள். பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘சிறந்த பதிலுக்குப் பரிசு’ என்று எழுதிவிட்டுக் குலுக்குவது மட்டும் ஆகாது. சிறந்த பதில் என்றால் யார் தீர்ப்பது, எதைப் பார்த்து என்று சொல்ல வேண்டும்.

இனி அறிவிப்பை இப்படி எழுதலாம்:

“30 பவுண்டு புத்தகக் கூப்பன், ஒருவருக்கு. சேர்வதற்கு: இந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். கட்டணம் இல்லை. ஒருவருக்கு ஒரு வாய்ப்பு. பல முறை எழுதினாலும் ஒன்றாகவே எண்ணப்படும். பிரிட்டனில் வசிக்கும் 13 முதல் 25 வயதினருக்கு மட்டும். 18 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன். கமிட்டியாரும் அவர்கள் வீட்டாரும் சேர முடியாது. கடைசி நேரம்: 2026 மே 22, வெள்ளி, இரவு 11.59, லண்டன் நேரம். மே 24, பெந்தெகொஸ்தே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வோம். அன்றே இந்தப் பக்கத்தில் பெயரை அறிவிப்போம். ஏழு நாட்களுக்குள் வெற்றியாளர் பதில் தராவிட்டால் மறுபடி சீட்டெடுப்போம். வங்கி விவரமோ பணமோ கேட்க மாட்டோம். இன்ஸ்டாகிராமுக்கும் இந்தப் போட்டிக்கும் தொடர்பில்லை.”

வங்கி விவரம் பற்றிய வரியை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். பரிசு அறிவித்ததும் நம் படத்தையே போட்டுப் போலிக் கணக்கு தொடங்கி, “நீங்கள் வென்றுவிட்டீர்கள், தபால் செலவுக்கு கார்டு எண் அனுப்புங்கள்” என்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்த பிள்ளை அதை அம்மாவிடம் காட்டும்.