வாந்திக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுமுன்

தங்கச்சிமடத்து விசைப்படகுத் தொழிலாளி ஒருவரை வைத்துப் பார்ப்போம். வயது 54, கன்னத்தில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் நிவோலுமாப் ஏற்றிக்கொண்டு வருகிறார். நான்காவது ஊசி முடிந்து பத்தாம் நாள் தீராத தாகம், இரவில் ஐந்தாறு தடவை சிறுநீர், பிறகு வாந்தி. கீமோ வாந்திதான் என்று உள்ளூரில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றப்படுகிறது. மறுநாள் மூச்சு வாங்குகிறது. சர்க்கரை 486, சிறுநீரில் கீட்டோன் மூன்று பிளஸ். ஹெச்பிஏ1சி மட்டும் 6.8.

அந்த 6.8 நம்மை ஏமாற்றிவிடும். அது மூன்று மாதச் சராசரி. இங்கே பீட்டா செல்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்திருக்கின்றன. டி செல்களைக் கட்டிவைக்கும் பிடி-1 என்ற கடிவாளத்தை நிவோலுமாப் அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த செல்கள் புற்றைத் தாக்குவதோடு, சிலருக்குக் கணையத்தையும் தாக்குகின்றன. நூறில் ஒருவருக்கு இது வரலாம்; வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் அறிகுறியே கீட்டோஅசிடோசிஸ்தான்.

2022இல் டாட்டா மெமோரியல் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வாய்வழி மருந்துகளோடு வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தபோது, ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். கடலோரக் குடும்பங்களுக்கும் இம்மருந்து எட்டும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் 20 மி.கி. தானே என்று கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. பிடி-1 ஏற்பிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள அந்தச் சிறு அளவே போதும்.

டோசிடாக்சலுக்கு முன் கொடுக்கும் டெக்சாமெதசோனால் ஏறும் சர்க்கரை வேறு ரகம். காலை வெறும் வயிற்றில் பெரும்பாலும் சரியாக இருந்து, மதியத்துக்குமேல் ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். நிவோலுமாபால் ஏறியது இறங்காது. ஸ்டீராய்டு கொடுத்துப் பீட்டா செல்லை மீட்க முடியாது, சர்க்கரைதான் இன்னும் ஏறும். மெட்ஃபார்மினை நம்பி அனுப்புவதும் ஆபத்து. சி-பெப்டைடு மிகக் குறைவாக இருந்தால், ஆயுள் முழுக்க இன்சுலின் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நிவோலுமாபைத் தொடரலாம்.

முதலுதவி நாம் அறிந்ததுதான்: நார்மல் சலைன், பொட்டாசியம் பார்த்து, 3.5க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இன்சுலின். தவறு நடப்பது அதற்கு முன்னால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் பாட்டிலை மாட்டும் அந்த ஐந்து நிமிடத்தில்.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சர்க்கரை பார்ப்பது மதுரையில் நடக்கும். இடைப்பட்ட மூன்று வாரம் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், நம் கையில். ஊசி நிறுத்திச் சில மாதங்கள் கழிந்தும் இது வரலாம். அதனால் நோயாளியின் சீட்டில் மருந்தின் பெயரோடு இதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்: ‘தாகம், அதிகச் சிறுநீர், வாந்தி இருந்தால் அன்றே சர்க்கரையும் கீட்டோனும் பார்க்கவும்.’ இன்சுலின் தொடங்கியவருக்கு இன்னொரு வரி: ‘சாப்பாடு இறங்காவிட்டாலும், கடலுக்குப் போனாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக் கூடாது.’